ஜனவரிக்கு ஓர் எண் போதுமா?

2014 ஜனவரி 14 முதல் 17 வரை, செவ்வாய் தொடங்கி வெள்ளி வரைக்கும், ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் வெயில் நான்கு நாளும் 41 டிகிரியைத் தாண்டியது. விக்டோரியா மாநிலம் முழுக்க ஏசி நிற்காமல் ஓடியது. மின் தேவை மலைபோல் ஏறியது. அதே மாதத்தின் முதல் நாளோ புத்தாண்டு விடுமுறை. ஆலைகள், அலுவலகங்கள், பள்ளிகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. நாட்காட்டியைப் பொறுத்தவரை இரண்டுமே ஜனவரிதான்.

மின் தேவையை மாத டம்மிகளை வைத்துக் கணிப்பவர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். அந்த மாடலில் ஜனவரிக்குக் கிடைப்பது ஒரே ஓர் எண். கொதித்த வியாழனுக்கும் மூடிக் கிடந்த புத்தாண்டுக்கும் அந்த ஓர் எண்ணே பொது.

இதைச் சோதித்துப் பார்க்கத் தரவு கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. மோனாஷ் பல்கலைக்கழகத்தின் ராப் ஹைண்ட்மனும் ஜார்ஜ் அதனசோபுலோஸும் எழுதி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் முன்கணிப்புப் பாடநூலோடு, `vic_elec` என்றொரு தரவுத்தொகுப்பும் வருகிறது. 2012 முதல் 2014 வரை அரை மணிக்கு ஒரு வரி, மொத்தம் 52,608 வரிகள். ஒவ்வொரு வரியிலும் விக்டோரியாவின் மின் தேவை, மெல்போர்னின் வெப்பநிலை, அன்று பொது விடுமுறையா இல்லையா என்ற குறிப்பு இருக்கும். 2014-ஐ மட்டும் எடுத்து நாளுக்கு ஒரு வரியாகச் சுருக்கினால் வேலைக்கு வாகாக இருக்கும்.

```r
library(fpp3)
daily <- vic_elec |>
  filter(year(Time) == 2014) |>
  index_by(Date = date(Time)) |>
  summarise(Demand = sum(Demand) / 1e3,
            Temp = max(Temperature),
            Holiday = any(Holiday)) |>
  mutate(Day = factor(wday(Date, label = TRUE), ordered = FALSE),
         Month = factor(month(Date, label = TRUE), ordered = FALSE))
```

இதில் `ordered = FALSE` என்பது அலங்காரத்துக்கு வைத்ததல்ல. `wday`, `month` இரண்டும் கிழமையையும் மாதத்தையும் 'வரிசையுள்ள' வகைகளாகத் திருப்பித் தருகின்றன. அப்படியே ரிக்ரெஷனுக்குள் போட்டால், ஆர் மென்பொருள் திங்களுக்கு ஒன்று செவ்வாய்க்கு ஒன்று என்று டம்மி போடாது. நேர்க்கோடு, வளைகோடு என்று பல்லுறுப்புக் கோவைகளாகப் பிரித்துவிடும். முடிவுப் பட்டியலில் `DayMon`, `DayTue` என்று வரவேண்டிய இடத்தில் `Day.L`, `Day.Q`, `Day.C` என்று வந்தால் நடந்தது இதுதான். கணிப்பு மதிப்புகள் மாறாது என்பதால் பிழைச் செய்தி எதுவும் வராது. ஆனால் அந்தக் கெழுக்களைப் பார்த்து 'சனிக்கிழமை எவ்வளவு குறைவு' என்று படிக்க முடியாது.

டம்மியின் வேலை எளிமையானது. செவ்வாய்க்கென்று ஒரு பத்தி. செவ்வாயன்று 1, மற்ற நாட்களில் 0. வாரத்துக்கு ஏழு நாள் என்றாலும் பத்திகள் ஆறுதான் வைக்க வேண்டும். ஏழையும் வைத்தால் எந்த வரியிலும் அவற்றின் கூட்டுத்தொகை 1 ஆகிவிடும். ரிக்ரெஷனின் மாறிலிக்கும் ஒவ்வொரு வரியிலும் இருப்பது அதே 1. ஒரே தகவல் இரண்டு தடவை வந்துவிட்டதால் எந்தப் பங்கு யாருடையது என்று கணக்குக்குப் பிரிக்கத் தெரியாது. ஆரில் இது நடந்தால் ஒரு கெழுவின் இடத்தில் `NA` நிற்கும். எக்செலின் `LINEST` இன்னும் சாதுவாக, அந்தக் கெழுவுக்கு 0, அதன் திட்டப்பிழைக்கும் 0 என்று எழுதிவிட்டுப் போய்விடும். திட்டப்பிழை சுத்தமாகப் பூஜ்யம் என்று வந்தால், துல்லியம் என்று மகிழாமல் சந்தேகப்பட வேண்டும்.

விட்டுவிட்ட ஏழாவது நாள் அடிப்படை நாளாகிவிடுகிறது. மற்ற ஆறு கெழுக்களும் அந்த நாளிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையே சொல்கின்றன. விளக்கத்துக்காக முழு எண்களாகச் சில சராசரிகளை வைத்துக்கொள்வோம்: ஞாயிறு 200, செவ்வாய் 230, சனி 207. ஞாயிறு அடிப்படை என்றால் மாறிலி 200, செவ்வாயின் கெழு +30, சனியின் கெழு +7. செவ்வாயை அடிப்படையாக மாற்றினால் மாறிலி 230, ஞாயிறு −30, சனி −23. கெழுக்கள் தலைகீழாக மாறினாலும் எந்த நாளின் கணிப்பும் மாறவில்லை.

இதை மறந்துவிட்டு நிறையப் பேர் செய்யும் ஒரு காரியம் உண்டு. மாதங்களின் பட்டியலைப் பார்க்கிறார்கள். அடிப்படை ஜனவரி. பிப்ரவரியின் கெழு புள்ளியியல்படி முக்கியமில்லை என்று வருகிறது. 'தேவையில்லாத மாறி' என்று அதை மட்டும் தூக்கிவிடுகிறார்கள். தூக்கியதும் பிப்ரவரி காணாமல் போவதில்லை, அடிப்படை மாதத்தோடு ஒட்டிக்கொள்கிறது; இனி மாடலுக்குப் பிப்ரவரியும் ஜனவரியும் ஒன்று. முக்கியமில்லை என்று வந்த விடைக்கே 'ஜனவரியிலிருந்து வித்தியாசம் தெரியவில்லை' என்பதுதான் பொருள். அடிப்படையை ஜூலையாக வைத்திருந்தால் அதே பிப்ரவரி முக்கியமானதாக வந்திருக்கலாம். ஆகவே பதினொரு மாத டம்மிகளும் ஒரே குழு. வைப்பதானால் மொத்தமாக வைக்க வேண்டும், எடுப்பதானால் மொத்தமாக எடுக்க வேண்டும். அதைத் தீர்மானிக்க எஃப் சோதனை இருக்கிறது. கெழுக்களை ஒவ்வொன்றாக நிறுத்தி விசாரிக்க வேண்டியதில்லை.

இனி ஜனவரிக்கு வருவோம்.

```r
m1 <- lm(Demand ~ Month + Day, data = daily)
m2 <- lm(Demand ~ Month + Day + Holiday + Temp + I(Temp^2),
         data = daily)
```

முதல் மாடலில் வெப்பநிலை இல்லை. ஆகவே ஜனவரியின் எண் இரண்டு எதிரெதிர் விஷயங்களின் கலவை. வெப்ப அலை அதை மேலே இழுக்கிறது. கிறிஸ்துமஸ் முடிந்து ஊரே விடுப்பில் இருக்கும் முதல் வாரங்கள் கீழே இழுக்கின்றன. இரண்டும் சேர்ந்து நடுவில் எங்கோ நிற்கும் அந்தச் சராசரி, ஜனவரி 16-க்கும் பொருந்தாது, ஜனவரி 2-க்கும் பொருந்தாது. எச்சங்களை வரைந்து பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும்: மாதத் தொடக்கத்தில் பூஜ்யத்துக்குக் கீழே ஒரு கூட்டம், நடுவில் வானத்தை நோக்கி ஒரு குத்து. சரியான டம்மி போட்ட மாதத்தின் எச்சங்களைக் கூட்டினால் பூஜ்யம் வரத்தான் செய்யும், கணிதம் அப்படி. கூட்டலை நம்பிப் படத்தைப் பார்க்காமல் விட்டவருக்கு எதுவும் தெரியப்போவதில்லை.

இரண்டாவது மாடலில் வெப்பநிலையும் அதன் வர்க்கமும் சேர்கின்றன. வர்க்கம் எதற்கு? மின் தேவைக்கும் வெப்பநிலைக்கும் உள்ள உறவு நேர்க்கோடு அல்ல. குளிரிலும் தேவை ஏறும், வெயிலிலும் ஏறும். நடுவில் ஓர் இதமான வெப்பநிலையில் அடியில் கிடக்கும். சென்னைக்கு வரைந்தால் இந்த வளைவின் குளிர்ப்பக்கம் இருக்கிறதா என்றே தேட வேண்டியிருக்கும். மெல்போர்னுக்கு இரண்டு பக்கமும் உண்டு.

அந்தப் பாடநூலிலேயே 2014-க்கான ஒரு கணக்கு இருக்கிறது. அதில் மாத டம்மி கிடையாது. அன்றைய உச்ச வெப்பநிலை, அதன் வர்க்கம், வேலைநாள் டம்மி, இவ்வளவுதான்; பிழைகளுக்கு மட்டும் தனியாக ஒரு அரிமா மாடல். கெழுக்கள் தோராயமாக இப்படி: வெப்பநிலைக்கு −7.6, வர்க்கத்துக்கு 0.18, வேலைநாளுக்கு 30. நாள் தேவையின் சராசரி இதே அளவுகோலில் 220-ஐ ஒட்டி இருக்கும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் இந்த மூன்று எண்களுக்குள் நிறைய இருக்கிறது.

வளைவின் அடி எங்கே? 7.6-ஐ இரண்டு மடங்கு 0.18 ஆல் வகுத்தால் 21.1. உச்ச வெப்பநிலை 21 டிகிரியை ஒட்டியிருக்கும் நாளில் விக்டோரியா மிகக் குறைவாக மின்சாரம் கேட்கிறது. அங்கிருந்து விலகிய தூரத்தின் வர்க்கத்தை 0.18 ஆல் பெருக்கினால் கூடுதல் தேவை வந்துவிடும். 30 டிகிரி நாளில் கூடுதல் 14. 43 டிகிரி நாளில் கிட்டத்தட்ட 86. வேலைநாளுக்கும் ஓய்வுநாளுக்கும் உள்ள வித்தியாசமே 30 என்னும்போது, ஒரு வெப்ப அலை நாள் அதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. இன்னொரு விதமாகப் பார்த்தால், 34 டிகிரி அடிக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதமான ஒரு புதன்கிழமைக்குச் சமமாக மின்சாரம் கேட்கும். மாத டம்மிக்குள் புதைந்து கிடந்தவை இவை.

வெப்பநிலை தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மாத டம்மியின் பொருளே மாறிவிடுகிறது. முன்பு அது 'ஜனவரி எப்படி இருக்கும்' என்று சொன்னது. இப்போது 'ஒரே வெப்பநிலை, ஒரே கிழமை என்றால் ஜனவரி மற்ற மாதத்திலிருந்து எவ்வளவு விலகும்' என்று சொல்கிறது. வெயிலின் பங்கு போய்விட்டதால் மிச்சம் இருப்பது விடுமுறைக் காலத்தின் மந்தம். வேறொரு மாதத்தை அடிப்படையாக வைத்துப் பார்த்தால் ஜனவரியின் எண் கீழே இறங்கும். பூஜ்யத்துக்குக் கீழேயே போனாலும் வியக்க வேண்டியதில்லை. 'மாடலில் ஏதோ கோளாறு, கோடைக்கு எப்படி மைனஸ் வரும்' என்று பதறுகிறவர்கள் உண்டு. கோளாறு இல்லை, கேள்வி மாறிவிட்டது.

இந்த வளைவிலும் ஒரு குறை இருக்கிறது, சொல்லியாக வேண்டும். வர்க்கச் சமன்பாடு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஏறும். அதன் கணக்கில் 13 டிகிரி நாளும் 29 டிகிரி நாளும் ஏறக்குறைய ஒன்று. விக்டோரியாவில் வீடுகளைச் சூடாக்கும் வேலையில் பெரும்பங்கு எரிவாயுவுடையது. குளிர்விக்கும் வேலையோ முழுக்க மின்சாரத்துடையது. இரண்டு பக்கமும் ஒரே சாய்வில் இருக்க வேண்டும் என்று கட்டாயமே இல்லை. ஓர் இதமான வெப்பநிலையைக் குறித்து, அதற்கு மேலே போன டிகிரிகளை ஒரு மாறியாகவும் கீழே போனவற்றை இன்னொரு மாறியாகவும் பிரித்துவிட்டால் இந்தக் கட்டுப்பாடு நீங்கும்.

அப்படியானால் மாத டம்மிகளைக் குப்பையில் போட்டுவிடலாமா? அவசரப்படக் கூடாது. அவற்றுக்கு வெப்பநிலையிடம் இல்லாத ஒரு நல்ல குணம் இருக்கிறது: எதிர்காலத்துக்கான மதிப்பு இப்போதே தெரியும். அடுத்த ஆண்டு மார்ச் 10 மார்ச்சில்தான் வரும், அது என்ன கிழமை என்பதும் தெரியும். அன்றைய வெப்பநிலை யாருக்கும் தெரியாது. நாளைய தேவையைக் கணிப்பவர் வானிலை அறிக்கையை நம்பலாம். அடுத்த கோடைக்கு எவ்வளவு மின் உற்பத்தித் திறன் வேண்டும் என்று கேட்பவருக்கு வானிலை அறிக்கை உதவாது. மாத டம்மி மட்டும் உள்ள மாடல் அவருக்குச் சராசரி ஜனவரியைத் தரும். அவர் கேட்டதோ மோசமான ஜனவரியை. இந்த முடிச்சுக்கு ஹைண்ட்மனும் ஷு ஃபேனும் 2010-ல் வெளியிட்ட கட்டுரையில் தெற்கு ஆஸ்திரேலியாவுக்காக ஒரு வழி காட்டினார்கள். கடந்தகால வெப்பநிலைகளைத் துண்டு துண்டாக எடுத்து, கலைத்துக் கோத்து, நடந்திருக்கக்கூடிய ஏராளமான கோடைகளை உருவாக்கினார்கள். ஒவ்வொன்றையும் மாடலுக்குள் ஓடவிட்டால் உச்சத் தேவைக்கு ஒற்றை எண்ணுக்குப் பதில் ஒரு பரவல் கிடைக்கும்.

கிழமை டம்மிகளின் கதை கொஞ்சம் வேறு. அங்கே டம்மிக்குப் போட்டியாக வேறு மாறி கிடையாது. செவ்வாய் செவ்வாயாக இருப்பதை எந்த வெப்பமானியும் அளக்காது. ஆனால் செவ்வாயும் எப்போதும் செவ்வாயாக நடந்துகொள்வதில்லை. நவம்பரின் முதல் செவ்வாய் மெல்போர்ன் கோப்பைக் குதிரைப் பந்தயம், மாநகரத்துக்குப் பொது விடுமுறை. 2014-ல் அது நவம்பர் 4. கிழமை டம்மி மட்டும் உள்ள மாடல் அன்று ஒரு சாதாரண வேலைநாளின் தேவையைக் கணித்துவிட்டு உட்கார்ந்திருக்கும். விடுமுறை டம்மி அதைச் சரிசெய்யும். அதற்கு முந்தைய திங்கள்? அரசு நாட்காட்டியில் அது வேலைநாள். விடுப்பு போட்டு நான்கு நாளாக இழுத்துக்கொண்டவர்களின் நாட்காட்டியில் இல்லை. இப்படி இரண்டு ஓய்வுநாட்களுக்கு நடுவில் சிக்கும் நாளுக்குத் தனி டம்மி வைப்பது வீண் நுணுக்கம் போலத் தோன்றும். எச்சங்களில் ஒவ்வோர் ஆண்டும் அதே இடத்தில் பள்ளம் விழுவதைப் பார்த்தவருக்கு அப்படித் தோன்றாது.

ஈஸ்டர் இன்னும் வம்பு பிடித்தது. புனித வெள்ளி 2012-ல் ஏப்ரல் 6, 2013-ல் மார்ச் 29, 2014-ல் ஏப்ரல் 18. மூன்று ஆண்டுத் தரவையும் சேர்த்து மாத டம்மி போட்டால், 2013-ன் புனித வெள்ளிச் சரிவு மார்ச்சின் கணக்கிலும் மற்றவை ஏப்ரலின் கணக்கிலும் ஏறும். தமிழ்நாட்டின் தேவையை மாத டம்மிகளால் கணிப்பவருக்கு இது புதிதல்ல: பொங்கல் ஜனவரியை விட்டு நகராது, தீபாவளி அக்டோபருக்கும் நவம்பருக்கும் மாறிமாறி வரும். நகரும் பண்டிகைக்கு மாதத்தோடு ஒட்டாத சொந்த டம்மி வேண்டும்.

டம்மிகள் போதுமா என்பதை எச்சங்களின் தன்னொட்டுறவுப் படம் சொல்லிவிடும். நாள் தரவில் 7, 14, 21 ஆகிய இடங்களில் குச்சிகள் நீண்டு நின்றால் வாரத்தின் வடிவம் இன்னும் மாடலுக்கு வெளியே இருக்கிறது என்று பொருள். பாடநூலின் கணக்கிலேயே இதற்கு ஒரு தடயம் இருக்கிறது. அங்கே கிழமைக்கு ஒன்றாக ஆறு டம்மி இல்லை. வேலைநாளா இல்லையா என்று ஒன்றே ஒன்று. சனி, ஞாயிறு, பொது விடுமுறை மூன்றும் ஒரே மூட்டைக்குள். மிச்சமான வார வடிவத்தை வேறு யாராவது பிடிக்க வேண்டுமல்லவா? தானாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அரிமா மாடலுக்குள் 7 நாள் பருவ உறுப்புகள் இரண்டு வந்து உட்கார்ந்ததை அப்படித்தான் படிக்கத் தோன்றுகிறது.

குச்சி 1-ஆம் இடத்தில் உயர்ந்து நின்றால் நோய் வேறு. இன்று கணிப்பைத் தாண்டிய தேவை நாளையும் தாண்டுகிறது. வெப்ப அலையில் இது சகஜம். மூன்று நாள் காய்ந்த சுவர் நான்காம் நாள் இரவிலும் சூட்டை உமிழும், ஏசி ஓயாது. இதைக் கவனிக்காமல் சாதாரண ரிக்ரெஷனின் திட்டப்பிழைகளைப் படித்தால் அவை இருக்க வேண்டியதைவிடச் சிறியதாக இருக்கும். முக்கியமில்லாத கெழுக்களும் முக்கியமானவை போலக் காட்சி தரும். நேற்றைய வெப்பநிலையையும் ஒரு மாறியாகச் சேர்ப்பது ஒரு மருந்து. பிழைகளுக்கு அரிமா மாடல் வைப்பது இன்னொன்று.

நாளிலிருந்து அரை மணிக்கு இறங்கினால் டம்மிகளின் எண்ணிக்கை மிரட்டும். ஒரு நாளுக்கு 48 அரை மணி, வாரத்துக்கு 336, ஒன்றை விட்டால் 335 பத்திகள். மூன்று ஆண்டுத் தரவு இதைத் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் வெப்பநிலையின் விளைவு மாலை நான்கு மணிக்கும் விடிகாலை நான்கு மணிக்கும் ஒன்றல்ல என்பதால் ஒவ்வொரு டம்மியையும் வெப்பநிலையோடு பெருக்கவும் வேண்டியிருக்கும். ராமு ராமநாதனும் நோபல் பரிசு பெற்ற எங்கிள், கிரேஞ்சர் இருவரும் வேறு சிலரும் சேர்ந்து 1997-ல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாக வெட்டியது. அமெரிக்காவின் வடமேற்கில் உள்ள ப்யூஜெட் சவுண்ட் மின் நிறுவனத்துக்காக, நாளின் ஒவ்வொரு மணிக்கும் தனித்தனியே ஒரு ரிக்ரெஷன். காலை எட்டு மணிக்கென்று ஒரு சமன்பாடு, மாலை ஆறுக்கென்று இன்னொன்று. மணிக்கான டம்மியே தேவைப்படவில்லை; ஒவ்வொரு மணியும் தன் வெயிலையும் தன் கிழமைகளையும் தானே பார்த்துக்கொண்டது. ஹைண்ட்மனும் ஃபேனும் அரை மணிக்கு ஒன்றாக 48 மாடல்கள் போட்டது இதே வழியில்தான்.

எந்த வழியில் போனாலும் டம்மி ஒரு விஷயத்தைச் சொல்லாமலே எடுத்துக்கொள்கிறது: வடிவம் ஆண்டுக்கு ஆண்டு மாறாது என்று. நண்பகலுக்கு ஒரு கெழு என்றால் 2012-ன் நண்பகலுக்கும் இன்றைய நண்பகலுக்கும் அதே கெழு. விக்டோரியாவில் இது உடைந்துவிட்டது. வீட்டுக் கூரைகளில் சோலார் தகடுகள் பெருகப் பெருக, வெயில் உச்சியில் இருக்கும் நேரத்தில் வீடுகள் தங்களுக்குத் தாங்களே மின்சாரம் தயாரித்துக்கொள்கின்றன. மின்கட்டமைப்பிடம் கேட்பது குறைகிறது. முன்பெல்லாம் தேவை ஊர் உறங்கும் நேரத்தில்தான் அடிமட்டத்தைத் தொடும். 2023 டிசம்பர் 31, ஞாயிற்றுக்கிழமை, விக்டோரியாவின் தேவை 1,564 மெகாவாட்டுக்கு இறங்கி அதுவரை இல்லாத தாழ்வைத் தொட்டது. அப்போது மணி பகல் ஒன்று.

2012–2014 தரவில் கற்ற நண்பகல் டம்மியை அந்த ஞாயிற்றுக்குப் பூட்டினால் எச்சம் ஆயிரக்கணக்கான மெகாவாட்டில் வரும். இதற்கு எல்லாரும் முதலில் தேடும் வழி, பழைய ஆண்டுகளை வெட்டிவிட்டுக் கடைசி இரண்டு ஆண்டுகளில் மட்டும் மாடலைக் கட்டுவது. ஆனால் அதில் இரண்டே கோடைகள்தான் இருக்கும், கடும் வெப்ப அலை ஒன்றுகூட இல்லாமல் போகலாம். இன்னொரு வழி, மணி டம்மிகளை மாநிலத்தில் நிறுவப்பட்ட கூரை சோலார் திறனோடு பெருக்கிச் சேர்ப்பது. அப்போது நண்பகலின் கெழு நிலையாக நிற்காமல் தகடுகள் கூடக்கூட இறங்கும், விடிகாலை நான்கு மணியின் கெழு அசையாது. மேகம் மூடிய நாளுக்கு அதுவும் போதாது. சூரியக் கதிர்வீச்சின் அளவையும் உள்ளே கொண்டுவர வேண்டும். அதை நாளைக்கு மட்டும்தான் ஓரளவு சொல்ல முடியும், அடுத்த ஆண்டு டிசம்பருக்குச் சொல்ல முடியாது.